ஒட்டாத மூட்டு

சென்னைப் புறநகரில் ஒரு வீட்டு ஹாலில் ஞாயிறுதோறும் நடக்கும் கைவேலைப் பட்டறையை அண்மையில் போய்ப் பார்த்தேன். நடத்துபவர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். சோபாவை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்திருந்தார். ஒன்பது பிள்ளைகள், நடுவில் ஒரு கிண்ணம் தீக்குச்சி, சைக்கிள் கடையில் வாங்கிய வால் டியூப், தென்னை ஈர்க்கு. குச்சிகளின் மருந்துத் தலையை முந்தின இரவே பிளேடால் சுரண்டி எடுத்திருந்தார்; அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடக்கூடாது. மெழுகுக் குச்சி வளைந்துவிடும் என்பதால் மரக்குச்சி மட்டும்தான். குச்சிகளை டியூபால் இணைக்கும் இந்த முறை அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. 1972-இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் 1978-இல் பணியாற்றப் போன பொறியாளர் அரவிந்த் குப்தா உருவாக்கியது. கிராமத்துச் சந்தையில் கிடைப்பதைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது அப்போதைய கட்டாயம். ஆனால், விலை மலிவு என்பதைவிட, பிரித்துவிட முடியும் என்பதுதான் இந்தப் பொருள்களின் பெரிய பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலை இப்படிப் போகிறது. வால் டியூபை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, இரு முனையிலும் குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. உள்ளே இரண்டு குச்சிகளும் முட்டக்கூடாது, முட்டினால் மூட்டு மடங்காது. துண்டு நீளமாகிவிட்டால் மூட்டு தொளதொளத்துப் போகும். மூன்று குச்சி, மூன்று மூட்டில் முக்கோணம், அழுத்தினாலும் அசையவில்லை. நான்கு குச்சியில் சதுரம் செய்து விரலால் தள்ளினால் உடனே சாய்கிறது. ஏன் என்று ஆசிரியை சொல்லவில்லை. சாயாமல் நிறுத்தச் சொன்னார், அவ்வளவுதான். ஒரு சிறுமி மூலைக்கு மூலை ஒரு குச்சி வைக்கப் பார்த்தாள், எட்டவில்லை. நாலு சென்டிமீட்டர் குச்சியால் கட்டிய சதுரத்துக்கு மூலைவிட்டம் ஐந்தரைக்கு மேல் வேண்டும். ஈர்க்கின் தடித்த பகுதியை ஐந்து சென்டிமீட்டர் அளவில் நறுக்கி, எதிரெதிர் மூலைகளின் டியூபில் முள்ளால் துளையிட்டுச் செருகினாள். உருவம் இப்போது அசையவில்லை, ஆனால் சாய்ந்தபடியே விறைத்து நின்றது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உறுதியாக நிற்பது வேறு, நேராக நிற்பது வேறு என்பது அவள் கையிலேயே இருந்தது. ஈர்க்கை உருவிவிட்டு நீளமாக இன்னொன்று நறுக்கினாள். உருவ முடிந்ததால்தான் அந்தத் தவறு பாடமானது. இதே சதுரத்தைச் சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டியிருந்தால் முதல் தடவையே நேராக நின்றிருக்கும். சதுரம் தன்னால் நிற்காது என்பதே தெரியாமல் வீட்டுக்குப் போயிருப்பாள். தெர்மாகோலும் பசையும் மலிவுதான், எனினும் பிழையை அவை மூடிவிடுகின்றன.

கட்டணம் கொடுத்த பெற்றோர், பிள்ளைகள் கையில் ஏதாவது அழகான பொருள் வர வேண்டாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால், பன்னிரண்டு மணிக்குள் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி பொருள் இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டால் பதினொன்றரைக்கு ஆசிரியையே பிள்ளைகளின் கையிலிருந்து வாங்கி முடித்துக் கொடுக்கத் தொடங்கிவிடுவார். நாள் முடிவில் பெற்றோர் காண்பது பெரும்பாலும் பெரியவர்களின் கைத்திறன். இதெல்லாம் காணொளியில் இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள் வேறு சிலர். கிடைக்கிறது; அரவிந்த் குப்தாவே தம் பொம்மைகளையெல்லாம் அப்படித்தான் பொதுவில் வைத்திருக்கிறார். காணொளியில் சரியாக வெட்டிய குச்சி மட்டுமே வரும். குட்டையாக வெட்டிய ஈர்க்கு வராது, பக்கத்தில் இருப்பவன் அதைத் தள்ளிப் பார்ப்பதும் வராது. அதற்குத்தான் ஹால் வேண்டியிருக்கிறது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் விரலுக்கு டியூபின் துளை சிறியது. அவர்கள் அழுத்தக் குச்சி பிளந்துபோகிறது. பத்துப் பேரைத் தாண்டினால் ஒருவரால் எல்லாக் கைகளையும் கவனிக்க முடியாது. ஊரில் பழைய சைக்கிள் கடைகள் குறையக் குறைய வால் டியூப் தேடி அலைய வேண்டியிருக்கிறது. கிடைத்தாலும் பழைய சரக்கில் ரப்பர் இறுகி, முள் பட்டதும் கிழிகிறது. வாங்கும்போதே இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டில் இப்படிப் பட்டறை நடத்துகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். முடிந்த பொருளை வரிசையாக வைத்துப் படம் எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பசையையும் முதல் இரண்டு மாதம் அலமாரியிலேயே வைத்திருங்கள்.