பாலுண்ணி: எடுக்கிறதா, விடுகிறதா?

எங்கட பக்கத்தில் 'பாலுண்ணி' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கைவிரலிலும் முழங்காலிலும் வருகிற சொரசொரப்பான மரு. மற்றது வழுவழுப்பாக, முத்து மாதிரி மினுங்கிக்கொண்டு, சின்னக் குமிழாக எழும்புகிற பரு. பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீற்றர் அகலம்தான் இருக்கும். வடிவாகப் பார்த்தால் நடுவில் ஊசியால் அழுத்தின மாதிரி ஒரு குழி தெரியும். உள்ளே கட்டித் தயிர் போல வெள்ளையாக ஒன்று இருக்கும். வைத்தியர்கள் 'மொலஸ்கம்' என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். நாங்கள் எழுதப் போவதும் இதைப் பற்றித்தான்.

அக்காவின் மகளுக்கு நாலு வயது. போன வருடம் மே மாதம் அவளுடைய இடது கமக்கட்டுக்குள் மூன்று பரு கண்டோம். ஓகஸ்ட் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது பதினேழு. கமக்கட்டில், விலாவில், கையின் உட்பக்கத்தில் என்று பரவியிருந்தது. காய்ச்சல் இல்லை, நோ இல்லை. பிள்ளை பாட்டுக்கு விளையாடிக்கொண்டுதான் திரிந்தாள். கரைச்சல் பட்டது பெரிய ஆட்கள்தான். முன்பள்ளியில் "மாறின பிறகு அனுப்புங்கோ" என்றார்கள். பக்கத்து வீட்டு மாமி "எருக்கம்பால் ஒரு சொட்டு வையுங்கோ, கருகி விழுந்திடும்" என்றா. அம்மம்மா கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்தா. அக்கா மட்டும் இரவில் எங்களிடம், "நான் பிள்ளையைச் சுத்தமா வச்சிருக்கேல்லை எண்டுதானே எல்லாரும் நினைக்கினம்" என்று அழுதா.

அக்காவின் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் தேட வேண்டியிருந்தது. சுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இது பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸால் வருகிறது. ஆனால் குணத்தில் பெரியம்மைக்கு நேரெதிர். பெரியம்மை உடம்பு முழுக்கப் போய் ஆளையே கொல்லும். இது தோலின் மேற்படையைத் தாண்டி உள்ளே போகாது. இரத்தத்துக்கோ உறுப்புகளுக்கோ போவதில்லை. தோலோடு தோல் படும்போதும், ஒரே துவாயைப் பாவிக்கும்போதும் தொற்றும். தொற்றிப் பரு வெளியில் தெரிய இரண்டு வாரமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். ஆரிடமிருந்து வந்தது என்று தேடுவது வீண்வேலை.

பிறகு ஏன் இவ்வளவு காலம் நிற்கிறது? மேற்படையிலேயே ஒளிந்திருப்பதால் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு இது கனகாலம் கண்ணில் படுவதில்லை. வைரஸ் தன்னை மறைத்துக்கொள்ளத் தனியாகப் புரதங்களும் செய்கிறது. ஒரு பரு சில மாதங்களில் போய்விடும். ஆனால் அது போவதற்குள் பிள்ளை சொறிந்து பக்கத்தில் இன்னொன்றை விதைத்துவிடும். அதனால் ஒவ்வொரு பருவின் ஆயுள் குறைவாக இருந்தாலும், மொத்தக் கதை முடிய ஒரு வருடத்துக்கு மேல் செல்லலாம். பிரித்தானியாவில் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் சராசரி 13 மாதம் என்று வந்தது. பத்தில் மூன்று பேருக்கு 18 மாதத்திலும் முழுதாக மாறவில்லை.

இந்தக் கணக்குத் தெரிந்தால் உப்பும் மிளகும் ஏன் 'வேலை செய்கிறது' என்றும் விளங்கும். பரு உச்சத்தில் நிற்கும்போதுதான் ஆட்கள் நேர்த்தி வைப்பார்கள், மருந்தும் தேடுவார்கள். அதுக்குப் பிறகு அது எப்படியும் குறையத்தான் போகிறது. பேர் மட்டும் கடைசியாகச் செய்ததுக்குப் போகும். அம்மம்மாவின் உப்பால் ஒரு தீங்கும் இல்லை. எருக்கம்பால் அப்படியில்லை. அது நல்ல தோலையும் சுடும், பிள்ளை அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் கண்ணின் கருவிழி பழுதாகலாம். மாமியிடம் இதைக் கோபமில்லாமல் சொல்லி முடிக்க எங்களுக்கு ஒரு பின்னேரம் தேவைப்பட்டது.

தோல் கிளினிக்கில் வைத்தியர் இரண்டு வழியையும் அக்காவுக்கு முன் வைத்தார். சுரண்டி எடுக்கலாம், திரவ நைதரசனால் உறைய வைக்கலாம். எடுத்த பரு போய்விடும். ஆனால் தோலுக்குள் இன்னும் வெளியே தெரியாமல் இருப்பவை பிறகு வரும், திரும்பவும் வர வேண்டியிருக்கும். இரண்டும் நோகும். மரக்கச் செய்கிற கிறீம் பூசினாலும் நாலு வயதுப் பிள்ளையைப் பிடித்து வைத்துத்தான் செய்ய வேண்டும். உறைய வைத்தால் எங்களைப் போன்ற மண்ணிறத் தோலில் வெள்ளைத் தழும்பு கனகாலம் நிற்கலாம். "இதால பிள்ளைக்கு இப்ப என்ன கஷ்டம்?" என்று அவர் கேட்டார். அக்கா யோசித்துவிட்டு, "கடிக்குது எண்டு சொறியிறாள், அவ்வளவுதான்" என்றா.

பதில் அதுக்குள்ளேயே இருந்தது. பரு வந்த இடத்தைச் சுற்றித் தோல் வறண்டு கடிக்கிறது, அதனால் சொறிகிறாள், சொறிவதால் பரவுகிறது. ஆகவே வைத்தியம் பருவுக்கில்லை, கடிக்கு. ஈரப்பதம் தருகிற கிறீம் நாளுக்கு இரண்டு தரம். கடி கூடிய இடத்தில் மட்டும் அவர் எழுதித் தந்த வீரியம் குறைந்த ஸ்ரீரொயிட் கிறீம், அதுவும் சில நாட்களுக்குத்தான். நகத்தை ஒட்ட வெட்டுவது. துவாய் தனி. கையுள்ள சட்டையால் மூடிக்கொண்டு முன்பள்ளிக்குப் போகலாம் என்று துண்டும் எழுதித் தந்தார். அதைக் காட்டிய பிறகு அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கலண்டரில் எண்ணிக்கை எழுதினோம். செப்ரெம்பர் இருபத்தொன்று. ஒக்ரோபர் இருபத்திரண்டு. நவம்பர் நடுப்பகுதியில் விலாவிலிருந்த ஐந்தாறு பரு திடீரெனச் சிவந்து வீங்கின. கிருமி பிடித்துவிட்டது என்று வீடே பதறியது, அன்ரிபயோற்றிக் வேண்டித் தருவோமா என்றும் கதை வந்தது. திரும்பவும் கிளினிக்குக்குப் போனோம். வைத்தியர் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒளிந்திருந்த வைரஸை உடம்பு கடைசியில் கண்டுபிடித்துவிட்டது, சண்டை தொடங்கிவிட்டது, இது முடிவின் ஆரம்பம் என்றார். கிருமி பிடித்தால் எப்படித் தெரியும் என்றும் சொன்னார். சிவப்பு பருவைத் தாண்டி நாளுக்கு நாள் பரவும், தொட்டால் சுடும், பிள்ளை நோவில் தொட விடாது, சீழ் வடியும், காய்ச்சல் வரலாம். அப்படியென்றால் உடனே கொண்டு வர வேணும். இவளுக்கு அதொன்றும் இருக்கவில்லை. டிசெம்பரில் ஒன்பது. பெப்ரவரியில் இரண்டு.

எல்லாப் பிள்ளைக்கும் காத்திருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கண் இமையில் வந்தால் கண் சிவந்து நோகலாம், அதைக் கண் வைத்தியர் பார்க்க வேணும். கிரந்தி கூடிய தோலுள்ள பிள்ளைக்கு நிறையப் பரவும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை மற்றவர்கள் பகிடி பண்ணுவதால் பள்ளிக்கூடம் போக மறுத்தால், அதுவும் எடுப்பதற்கு ஒரு நியாயமான காரணம்தான். பெரிய ஆட்களுக்கு அளவுக்கு மீறி வந்தால் எதிர்ப்புச் சக்தியையும் சோதிக்க வேண்டியிருக்கும். ஆனால் பார்க்க அந்தரமாக இருக்கு, ஊர் கேட்கிறது என்பதற்காக நாலு வயதுப் பிள்ளையை நாலு பேர் அமுக்கிப் பிடிக்கத் தேவையில்லை.

இப்போது அவளின் விலாவில் ஒரேயொரு சின்னக் குழித் தழும்பு இருக்கிறது. அது அவள் நகத்தால் கிள்ளி எடுத்த பரு. சும்மா விட்ட மற்றதுகள் இருந்த இடமே தெரியவில்லை.