'எண்டு'க்குப் பிறகுதான் மூச்சு

"காணாமல் போனது அண்ணாவோ, சிநேகிதரோ பிள்ளையள்?"

எங்கட முதலாவது ஒலிக்கட்டுரையைக் கேட்டுவிட்டு ரீச்சர் போனில் கேட்ட கேள்வி இது. நீரிழிவால் கண் மங்கிப்போன பிறகு நாங்கள் எழுதுகிற எதையும் அவரால் வாசிக்க முடிவதில்லை. அவருக்காகத்தான் கட்டுரைகளைக் கணினிக் குரலில் வாசிக்கவைக்கத் தொடங்கினோம். இலங்கைத் தமிழுக்கென்றே ta-LK என்ற குறியோடு குரல்கள் இருக்கின்றன. எழுத்தை ஒட்டினால் கொஞ்ச நேரத்தில் ஒலி வந்துவிடும், அதோடு வேலை முடிஞ்சுது எண்டுதான் நினைச்சிருந்தோம்.

நாங்கள் முதலில் எடுத்தது எங்களில் ஒருத்தி தன் அண்ணாவைப் பற்றி எழுதியதை. அதில் ஒரு வரி: "காணாமல் போன அண்ணாவின் சிநேகிதரைப் பற்றி அம்மா இப்பவும் கதைப்பா." குரல் 'காணாமல் போன' என்று சொல்லிச் சற்று நின்றுவிட்டு, மிச்சத்தை ஒரே மூச்சில் வாசித்தது. அப்படிக் கேட்டால் காணாமல் போனது சிநேகிதர்தான். கண்ணால் வாசிக்கிறவருக்குச் சந்தேகம் வந்தால் மேலே இருக்கிற பந்தியை ஒருக்காப் பார்த்துக்கொள்வார். காதுக்கு அந்த வசதி இல்லை.

முதலில் ஒரு கொமாவைப் போட்டுப் பார்த்தோம்: "காணாமல் போன அண்ணாவின், சிநேகிதரைப் பற்றி..." பொருள் சரியாகியது, ஆனால் ஒருத்தரும் அப்படிக் கதைக்கிறதில்லை. 'அண்ணாவின்' என்பது அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது. கடைசியில் வசனத்தையே உடைத்தோம்: "அண்ணா காணாமல் போனார். அவருடைய சிநேகிதரைப் பற்றி அம்மா இப்பவும் கதைப்பா." கொமாவுக்கு வேலையே இல்லாமல் போனது. எந்தச் சொல் எதோடு சேருகிறது என்ற குழப்பம் வசனத்திலேயே இருந்தால், அதைக் கொமா தீர்க்காது, மேலே மறைக்கத்தான் செய்யும்.

பிறகு முழுக் கட்டுரையையும் மறுபடி கையில் எடுத்தோம். எங்களைக் கூடுதலாக மினக்கெடுத்திய வசனம் இதுதான்:

"1996ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு 'போட்டு வாறன்.' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் பக்கத்து வீட்டு மாமாவோடு போன அண்ணா திரும்பி வரவேயில்லை."

கடதாசியில் நல்ல வசனம். குரலுக்கு அது ஒரு நீண்ட ஏற்றம். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் எடுத்துக்கொண்டு, சொல்லிவிட்டு, போன எண்டு எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீளும். அவ்வளவு தூரத்துக்கு எங்கே மூச்சு விடுகிறது என்று குரல் ஊகிக்கத்தான் வேண்டும். ஊகம் பிழைத்தால் நடுவழியில் நிற்கும், அல்லது சுரம் இறங்கி இறங்கி, முக்கியமான 'வரவேயில்லை'க்கு வரும்போது சத்தமே இருக்காது.

இதில் முதலில் பிடிபட்ட பிழை மேற்கோளுக்குள் இருந்த புள்ளி. 'போட்டு வாறன்.' என்றதும் குரல் வசனம் முடிந்துவிட்டதாக நினைத்து நன்றாக இறங்கி நின்றது. பிறகு 'என்று அம்மாவிடம்' எண்டு புது வசனம் தொடங்குவது மாதிரித் தொடங்கியது. நாங்கள் கதைக்கும்போது 'எண்டு' முன்னால் உள்ள சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சு அதற்குப் பிறகுதான். 'போட்டு வாறன் எண்டு', அதன்பிறகு ஒரு சின்ன இடைவெளி, பிறகுதான் அம்மா. ஆகவே உள்ளே இருந்த புள்ளியை எடுத்துவிட்டு, கொமாவை 'என்று'க்குப் பின்னால் வைத்தோம். 'வந்தபோது', 'என்றால்', 'படியால்' எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கட்டிப்போடுகிற சொல் தமிழில் பின்னால் நிற்பதால், நிறுத்தமும் அதற்குப் பின்னால்தான் வரும்.

அடுத்தது 'சந்தைக்குப் பக்கத்து வீட்டு மாமா'. சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற வீடா, சந்தைக்குப் போகும்போது கூடப் போன பக்கத்து வீட்டுக்காரரா? இங்கே குழப்பத்தைச் செய்தது அந்த 'ப்'. வல்லொற்று இரண்டு சொற்களை ஒட்டுகிற பசை. அது இருக்கிற இடத்தில் ஆரும் நிற்கமாட்டார்கள். 'சந்தைக்குப், பக்கத்து' என்று கொமா போட்டால் 'ப்' அநாதரவாக நிற்கும். நிறுத்தம் வேண்டும் என்றால் ஒற்றை எடுத்துவிட வேண்டும்: "சந்தைக்கு, பக்கத்து வீட்டு மாமாவோடு". அப்படியும் எங்களுக்குத் திருப்தியில்லை. "பக்கத்து வீட்டு மாமாவோடு சந்தைக்குப் போனார்" எண்டு இடம் மாற்றினதும் 'ப்' தனக்குரிய இடத்துக்கு வந்தது, குழப்பமும் போனது.

இடம் மாற்றினதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. தமிழில் வினைக்குச் சற்று முன்னால் நிற்கிற சொல்லில்தான் அழுத்தம் இயல்பாக விழும். இந்த இடத்தில் அழுத்தம் விழவேண்டியது சந்தையில்: எங்கேயோ தூரம் போகவில்லை, சந்தைக்குத்தான் போனவர். SSML என்ற குறிமொழியில் அழுத்தத்துக்கு `<emphasis>` எண்டு ஒரு குறி இருக்கு. அதைப் போட்டும் பார்த்தோம், எங்கட குரல் அதைக் கணக்கெடுக்கவேயில்லை. 'தான்' என்ற ஒரு சொல் அதைச் செய்தது. அதை எழுதினால், வாசிக்கிற குரல் எதுவானாலும் அழுத்தம் எங்கே என்று கேட்பவருக்கு விளங்கும்.

இலக்கங்களில் கனநேரம் செலவழியவில்லை. '1996ஆம்' என்பதில் எண்ணை வாசித்துவிட்டு 'ஆம்' என்று யாருக்கோ பதில் சொன்னது குரல். 'தொண்ணூற்றாறாம் ஆண்டு' என்று எழுத்தில் எழுதினோம். பெயரின் முதலெழுத்துக்கும் அப்படித்தான். 'சி. வை. தாமோதரம்பிள்ளை' என்று எழுதினால் இரண்டு வசனம் முடிந்துவிடும். 'சீ வை தாமோதரம்பிள்ளை' என்று புள்ளி இல்லாமல் எழுதினால் ஒரு ஆள் வருவார். இதெல்லாம் குரலுக்குக் கொடுக்கிற பிரதியில் மட்டும்தான், அச்சுப் பிரதி வேறாக இருக்கட்டும்.

கடைசியில் வந்த வடிவம் இது:

```
தொண்ணூற்றாறாம் ஆண்டு, மாசி மாதம்.
ஒரு நாள் காலமை அண்ணா சைக்கிளை எடுத்தார்.
போட்டு வாறன் என்று, அம்மாவிடம் சொன்னார்.
பக்கத்து வீட்டு மாமாவோடு சந்தைக்குத்தான் போனார்.
<break time="700ms"/>
திரும்பி வரவேயில்லை.
```

அந்த `break` குறி மில்லிசெக்கன் கணக்கில் குரலை நிறுத்தும். புள்ளி தருகிற நிறுத்தம் போதாது எண்டு பட்டதால் 700 வைத்தோம். கேட்டுப் பார்த்தபோது எங்களுக்கே தொண்டை அடைத்தது. பிரதியைப் பார்த்துக்கொண்டு கேட்டால் பிழை தெரியாது, கண் காதுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். அதனால் கட்டுரையை வாசிக்காத ஒருவரை, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னோம். அவருக்கும் எல்லாம் விளங்கியது. ரீச்சருக்கு அனுப்பினோம்.

"இப்ப நல்லா விளங்குது," எண்டா ரீச்சர். பிறகு கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "ஆனா எழுதின பிள்ளை வாசிச்சிருந்தால் அந்த இடத்திலை நிண்டிருக்கமாட்டாள்," எண்டா.

எழுதினவளைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் அந்தப் பந்தியை வாசிக்கச் சொன்னோம். 'போட்டு வாறன்' என்ற இடத்தில் மெதுவாக வாசித்தாள். 'சந்தைக்குத்தான்' என்ற சொல்லில் கொஞ்சம் நின்றாள். அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. கடைசி இரண்டு சொற்களையும் ஓடிக் கடந்துபோனாள்.

குறியை அழித்தோம். புள்ளியையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கொமா வைத்தோம்: "சந்தைக்குத்தான் போனார், திரும்பி வரவேயில்லை." இப்போது குரல் அவ்விடத்தில் அவளைப் போலவே கடந்துபோகிறது.