பயணச் செலவைக் கேட்கும் கடிதம்

அம்மையார்குப்பம் ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர் வேலையாகத் திருப்பதி போய்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "செலவு 1,900 ரூபாய்" என்று மட்டும் எழுதினால் முதலாளிக்குச் சந்தேகம்தான் வரும். தேதி, போன காரணம், பிறகு வரிவரியாக: பேருந்து 240, லாட்ஜ் 1,200, சாப்பாடு 310, ஆட்டோ 150, மொத்தம் 1,900. ஒவ்வொன்றுக்கும் ரசீது எண் போட்டு அதே வரிசையில் இணைத்தால், கணக்காளர் யாரையும் கேட்காமலே சரிபார்த்துவிடலாம். பேருந்து டிக்கெட்டில் மை சீக்கிரம் மங்கிவிடும். அன்றே படமெடுத்து வைப்பது நல்லது.

ஆட்டோவுக்கு ஏது ரசீது என்பீர்கள். நியாயமான கேள்விதான். "ரசீது இல்லை" என்று எழுதி, எங்கிருந்து எங்கே போனது என்பதையும் குறிப்பிடுங்கள். அதை மறைத்துச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்தால், உண்மையான ரசீதுகள் மீதும் நம்பிக்கை போய்விடும். நூற்றைம்பது ரூபாயைக் கேட்பது அற்பமும் அல்ல. அது முதலாளியின் வேலைக்காக ஊழியர் கொடுத்த கடன். கூச்சப்படாமல் கேளுங்கள்.