சுகர் இல்லாதவரின் சுகர் கிராஃப்

1/ போன மாதம் ஒரு தம்பி வந்தார். வயசு 34. சுகர் கிடையாது. கையில் சென்சார். போனை நீட்டி, "டாக்டர், 148 போயிடுச்சு. எனக்கு சுகர் ஆரம்பிச்சிடுச்சா?" என்றார். சாப்பாட்டைக் குறைத்து 4 கிலோ இளைத்திருந்தார். கூட வந்த மனைவி சொன்னது இன்னும் கஷ்டம்: "அப்பாவைப் பாத்து எங்க பொண்ணும் வாழைப்பழம் சாப்பிட மாட்டேங்குறா சார்." குழந்தைக்கு 6 வயசு.

2/ சரி, அந்த 148-ஐ எடுத்துப் பார்ப்போம். காலை 8:10-க்கு நாலு இட்லி, சாம்பார். சாப்பிடும் முன் 91. மெல்ல ஏறி 8:55-க்கு 148. அங்கே நிற்கவில்லை, உடனே இறங்க ஆரம்பித்து 10:10-க்கு 96. நான் பார்த்தது உச்சியை இல்லை, ஏறி இறங்கிய மொத்த வடிவத்தை. சின்ன குன்று மாதிரி ஏறி, இரண்டு மணி நேரத்தில் தரைக்கு வந்துவிட்டது. கணையம் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதன் படம் அது.

3/ சாப்பிட்ட மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தத்துக்கு வந்தே ஆகணும். இன்சுலின் சுரந்து அதைத் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்ப கொஞ்சம் நேரம் ஆகும். அந்த இடைவெளிதான் நீங்கள் பார்க்கும் ஸ்பைக். தட்டையான கோடு யாருக்கும் இருக்காது.

4/ இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சுகர் இல்லாத 153 பேருக்கு சென்சார் மாட்டிய ஆய்வு 2019-ல் வந்தது. சராசரி சுகர் 99-ஐ ஒட்டி. 96 சதவீத நேரம் 70-க்கும் 140-க்கும் நடுவில். ஆனால் ஒரு நாளில் சுமார் அரை மணி நேரம் 140-க்கு மேலே, கால் மணி நேரம் 70-க்குக் கீழே. ஆரோக்கியமானவர்களுக்கே!

5/ அவருடைய அடுத்த பயம்: ராத்திரி 3 மணிக்கு 58. அலாரம் அடித்து எழுந்து, பயந்து ஜூஸ் குடித்திருக்கிறார். "எந்தப் பக்கம் படுப்பீங்க?" என்று கேட்டேன். இடது பக்கம். சென்சாரும் இடது கையில்.

6/ சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளக்கிறது. அந்த இடத்தை அழுத்திப் படுத்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, பொய்யாகக் குறைவு காட்டும். கிராஃபில் இதைக் கண்டுபிடிக்கலாம்: செங்குத்தாக விழும், திரும்பிப் படுத்ததும் அதே வேகத்தில் ஏறிவிடும். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். மறுநாள் இரவு அவர் பார்த்தார். சென்சார் 61, விரலில் 84.

7/ மாட்டிய முதல் நாள் அளவுகளையும் ரொம்ப நம்ப வேண்டாம். அதற்குப் பிறகும் சென்சாரும் ரத்தமும் 10, 15 புள்ளி வித்தியாசப்படுவது சகஜம். அப்படியிருக்க 138-க்கு நிம்மதி, 142-க்கு பயம் என்பதில் அர்த்தமே இல்லை.

8/ மூன்றாவது படம்தான் முக்கியம். 148-க்குப் பயந்து பத்து நாள் அரிசி, பழம் எல்லாம் நிறுத்தினார். கோடு தட்டையானது. சந்தோஷம். பதினோராம் நாள் ஒரு கல்யாண விருந்து. 171! "பாத்தீங்களா டாக்டர், முத்திடுச்சு" என்றார்.

9/ முத்தவில்லை. பல நாள் மாவுச்சத்தே இல்லாமல் இருந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகிவிடும். திடீரென்று சோறும் பாயசமும் வந்தால் சமாளிக்கத் தாமதமாகும். இது தற்காலிகம்தான். இதனால்தான் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் டெஸ்டுக்கு முன் மூன்று நாளாவது வழக்கம்போல சாப்பிடச் சொல்கிறோம். அவர் விலக்கி விலக்கி, அந்தப் பெரிய ஸ்பைக்கை அவரே வரவழைத்தார்.

10/ மூன்று நாள் வீட்டுச் சாப்பாடு சாப்பிடச் சொல்லி டெஸ்ட் எடுத்தோம். வெறும் வயிற்றில் 88. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 112. HbA1c 5.3. மூன்றுமே நார்மல்.

11/ அப்போ எதற்குக் கவலைப்படணும்? ஏறியது மூன்று மணி நேரமாகியும் இறங்காமல் நின்றால். சாதாரணச் சாப்பாட்டுக்கே திரும்பத் திரும்ப 180 தாண்டினால். காலை வெறும் வயிற்றில் தினமும் 100-க்கு மேல் இருந்தால். அப்போதும் சென்சாரை வைத்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். சுகர் இருக்கா இல்லையா என்று சொல்வது லேபில் எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான். (ஏற்கெனவே சுகருக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இந்த இழை பொருந்தாது. உங்கள் கணக்கு வேறு.)

12/ ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நானும் ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். மாம்பழத்துக்கு 156. படித்த எனக்கே ஒரு நிமிஷம் திக்கென்றது. அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் 98. அதனால் அந்தத் தம்பியைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

13/ சென்சாரைக் கழற்றிவிட்டார். போன வாரம் போன் பண்ணினார். ஒன்றரை கிலோ ஏறியிருக்காம். "பாப்பா?" என்று கேட்டேன். "இப்போ சாப்பிடறா டாக்டர். ஆனா நான் முதல்ல ஒரு கடி கடிச்சுக் காட்டணும்."