காவலே சிறையானது

சென்ற ஆண்டு கலித்தொகையைப் பற்றிய கட்டுரையொன்றை வகுப்பில் வாசிக்கும் முறை எமக்கு வந்தது. கேட்போர் 18 பேரே. ஆயினும் எழுந்து நின்ற அளவில் எம் கை நடுங்கத் தொடங்கிற்று. அதனைப் பிறர் கண்டுவிடலாகாதென்று தாளை இரு கைகளாலும் இறுகப் பற்றினோம். முழங்கைகளை விலாவோடு சேர்த்து அழுத்தினோம். தலை நிமிராது விரைந்து படித்து முடித்தோம். அமர்ந்த பின்னர், "தாளை இறுகப் பிடித்தமையாலன்றோ தப்பினோம்!" என்று மகிழ்ந்தோம். எம் அச்சத்தின் வேர் அம்மகிழ்ச்சியிலேயே இருந்ததென்பதை அன்று உணர்ந்திலேம்.

விடுமுறையில் இதனை எம் தமக்கையாரிடம் கூறினோம். அவர் உளநூலில் முதுகலை பயில்பவர்.

"தம்பி, தாளைத் தளர்த்திப் பிடித்திருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்று வினவினார்.

"எல்லோரும் நகைத்திருப்பர், அக்கா."

"அவர்கள் நகைத்ததை நீ என்று கண்டாய்?"

யாம் ஒருநாளும் கண்டதில்லை, காண இடங்கொடுத்ததுமில்லை.

இத்தகைய செயல்களை உளநூலார் பாதுகாப்பு நடத்தைகள் என்பர். இவற்றின் இயல்பைச் சால்கோவ்ஸ்கிஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1991இல் விளக்கினார். அஞ்சிய கேடு நிகழாதபோது, கேடே இல்லையென்று மனம் கொள்வதில்லை; காவலால் தப்பினோம் என்றே கொள்ளும். ஆகவே நூறுமுறை மேடையேறினும் அச்சம் குறைவதில்லை. கிளார்க், வெல்ஸ் என்னும் இருவர் 1995இல் மற்றொன்றும் காட்டினர்: இக்காவல்கள் நம் கருத்தை நம்மீதே திருப்பிவிடுகின்றன; சிலவேளை நாம் அஞ்சியதையே விளைவிக்கவும் செய்கின்றன. இறுகிய தசை மிகுதியாக நடுங்குமென்பது வெளிப்படை.

தமக்கையார் சொற்படி முதலில் எம் காவல்களைப் பட்டியலிட்டோம். தாளை இறுகப் பற்றல், விரைந்து படித்தல், எவர் முகத்தையும் நோக்காமை, வினாவொன்றைக் கேட்குமுன் மனத்துள் பலமுறை ஒத்திகை பார்த்தல், கடைசிப் பலகையில் அமர்தல் என ஐந்து தேறின.

பின்னர் ஒரு சோதனை செய்தோம். விடுதி நண்பர் இருவர்முன் ஒரே பகுதியை இருமுறை படித்தோம். முதன்முறை எல்லாக் காவல்களோடும், மறுமுறை அவையின்றியும். படிக்குமுன், "கை நடுங்கும், இருவரும் அதனைக் கண்டு இகழ்வர்" என்று எழுதி, எம் நம்பிக்கைக்கு 100க்கு 80 என மதிப்பிட்டோம். முடிவில் நண்பர் தாம் கண்டதைத் தனித்தனியே எழுதித் தந்தனர். முதன்முறை யாம் சினங்கொண்டவர்போல் தோன்றியதாகவும், சொற்கள் விளங்கவில்லையென்றும் இருவருமே எழுதியிருந்தனர். மறுமுறை தொடக்கத்தில் தாள் சற்று அசைந்ததை ஒருவர் கண்டிருந்தார். மற்றவர் அதனையும் காணவில்லை. இகழ்ந்தவர் எவருமிலர். எம் 80 அன்றே 40 ஆயிற்று.

அதன்பின் காவல்களை ஒவ்வொன்றாக, எளியதிலிருந்து அரியதற்கு ஏறும் முறையில் விடுத்தோம். முதல் வாரம் முன்பலகைக்கு மாறினோம். அடுத்த வாரம் ஒத்திகையின்றி நாள்தோறும் ஒரு வினா எழுப்பினோம். மூன்றாம் வாரம் தாளைத் தளரப் பிடித்து, ஒவ்வொரு பத்தி முடிவிலும் ஒருவர் முகத்தை நோக்கினோம். ஒவ்வொரு முறையும் முன்னர் எதிர்பார்த்ததையும் பின்னர் நிகழ்ந்ததையும் அருகருகே குறித்து வைத்தோம்.

இடையில் ஒரு பிழையும் நேர்ந்தது. தாளைத் தளர்த்திய நாளில் எம்மை அறியாமலே மற்றொரு கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்திருந்தோம். பழைய காவலன் போகப் புதியவன் புகுந்துவிட்டான்! இதனை அறியும் வழியை அக்கா சொன்னார்: "இதைச் செய்யாதே என்று ஒருவர் தடுத்தால் உனக்கு அச்சம் எழுகிறதா? எழுமாயின் அது காவல்." தலைப்புக்களைக் குறித்த சிறுதாளொன்றை வைத்திருத்தல் காவலன்று, வெறும் ஆயத்தமே, அஃதின்றியும் யாம் பேசுவோம். ஒரு சொல்லும் பிறழாதிருக்க எல்லாவற்றையும் எழுதி மனப்பாடஞ் செய்தலோ காவலேயாம்.

இம்முறை எல்லார்க்கும் தனித்தே கைகூடுமென்று கூறோம். வகுப்புக்கு வருதலையோ, பிறர்முன் உண்ணுதலையோ விட்டொழிக்குமளவு அச்சம் முதிர்ந்தோர் மனநல மருத்துவரை நாடி, அவர் துணையோடு இப்படிகளை ஏறுதலே தக்கது.

இவ்வாண்டு மீண்டும் கட்டுரை வாசித்தோம். கை நடுங்கிற்று, அதனை மறைத்திலேம். மூன்றாம் பத்தியில், பின்வரிசை நண்பரொருவர் உறங்குவதைக் கண்டோம். சென்ற ஆண்டும் அவர் உறங்கியிருத்தல் கூடும்; அன்று யாம் தலை நிமிர்ந்திலேம்.