வெள்ளையத்தேவனின் மொட்டை வாள்

சித்திரைக் கொடைக்கு எங்கள் ஊரில் கட்டபொம்மன் நாடகம் போடுவார்கள். அதற்கு ஒரு மாதம் முந்தியே எங்கள் வீட்டுத் தொழுவில் வார்னிஷும் அரப்பொடியும் மணக்க ஆரம்பித்துவிடும். சாணி வாசனையை அவை ஜெயித்ததில்லை என்பது வேறு விஷயம். வாள் செய்கிறவர் எங்கள் பெரியப்பா. எடுபிடி நான். கூர்வாள் ஒன்று பிறக்கப்போகிறது என்று கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவரோ நாள் முழுக்க இருக்கிற கூரையும் அராவி எடுத்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு முந்தினவர்கள் தகரத்தை வெட்டி வாள் செய்தார்களாம். தகரம் மெலிசு, தீட்டாமலே கையைக் கிழிக்கும். மரவாள் நாலு அடி வாங்கினால் சிலாம்பு பிளந்து கண்ணுக்கு நேரே தெறிக்கும். அதனால் பெரியப்பா டவுனிலிருந்து கனத்த அலுமினியப் பட்டை வாங்கிவருவார். விளிம்பை விரல் வழுக்குகிற மாதிரி உருட்டி அராவி, நுனியை எட்டணா அகலத்துக்கு மழுக்கிவிடுவார். பட்டையின் வால் கைப்பிடி நெடுக ஓடி, கடைசியில் ரிவெட் அடித்து நிற்க வேண்டும். பாதிப் பிடியோடு நின்றுவிட்டால், வீசுகிற வேகத்தில் அலகு மட்டும் கழன்று முன்வரிசைக்குப் போய்விடும். செய்து முடித்ததும் காதோரம் வைத்து உலுக்குவார். லேசாகக் கடகடத்தாலும் அது திரும்பப் பட்டறைக்குத்தான்.

அலுமினியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வாளும் வாளும் மோதினால் விளிம்பில் பள்ளம் விழுந்து, பள்ளத்தின் ஓரத்தில் பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, தோலைப் பிறாண்டிவிடும். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் பழைய வேட்டித் துணியை விளிம்போடு இழுத்துப் பார்ப்பது என் வேலை. நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே அரம் போட வேண்டும். சேனாதிபதி உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டு அதைச் செய்தேன்.

ஒத்திகை ராத்திரி, பள்ளிக்கூடத்துத் திண்ணையில். வாத்தியார் பீடி நாற்றத்தோடு நடுவில் நின்று எண்ணுவார். ஒன்று தலைக்கு, இரண்டு வலது தோளுக்கு, மூன்று இடுப்புக்கு, நாலு காலுக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் வெட்டு ஒன்று, தடுப்பு ஒன்று, காலடி ஒன்று. முதல் வாரம் தூங்கி வழிகிற வேகம். கால் பழகின பிறகுதான் கை வேகம் கூடலாம். தலைவெட்டில் அவர் கறார். வெள்ளைக்கார சிப்பாய் வேஷக்காரர் முதலில் குனிவார், அவர் குனிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெள்ளையத்தேவன் வீச வேண்டும். அடிபடுகிறவன்தான் சண்டையை ஓட்டுகிறவன், வெட்டுகிறவன் அவனுக்குப் பின்பாட்டு. எனக்கு அது பெரிய ஏமாற்றம். குத்தும் அப்படித்தான்: சனத்துக்குத் தெரியாத பக்கமாக, கைக்கும் விலாவுக்கும் இடையே வாள் போய்வரும். அலுமினியம் ‘டப்’ என்றுதான் சத்தம் போடும் என்பதால், அந்த நொடியில் ஆல்ரவுண்டுக்காரர் சிம்பலைத் தட்டிவிடுவார். பக்கவாட்டில் உட்காருகிற எங்களைப்போன்ற பொடிசுகளுக்கு மட்டும் இடைவெளி பளிச்சென்று தெரியும்.

ஒரு கொடையில் விசில் சத்தம் தலைக்கேறி, வெள்ளையத்தேவன் நாலுக்குப் பிறகு சொந்தமாக ஐந்தாவது வெட்டு ஒன்று போட்டார். எதிராளி கணக்குப்படி வாளைத் தாழ்த்திவிட்டிருந்தார். விரல்கணு புடைத்து, அந்தச் சிப்பாய் மிச்ச நாடகத்தை இடக்கையால் சலாம் போட்டே முடித்தார். வாள் மொட்டையாக இருந்ததால் வீக்கத்தோடு போயிற்று. அதற்கப்புறம் ஒரு சட்டம் வந்தது: கணக்குத் தப்பினால் இருவரும் நுனியைத் தரைக்குத் தாழ்த்தி ஓரடி பின்வாங்கி, கண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அரிதாரம் பூசுமுன் சண்டையை ஒருதரம் மெதுவாக நடந்து பார்ப்பதும் அப்போதே வழக்கமானது.

துப்பாக்கி விஷயத்தில் பெரியப்பா இன்னும் பயந்தாங்கொள்ளி. மரக்கட்டையில் இரும்புக்குழாய், குழாய் வாயில் ஆப்பு. வெடிக்கவே வெடிக்காது. படுதாவுக்குப் பின்னால் ஒருவர் பலகையின் ஒரு முனையை மிதித்துக்கொண்டு மறுமுனையைத் தூக்கிப் பொத்தென்று விடுவார்; அதுதான் வேட்டு. துரையும் ஆளின் நெஞ்சைக் குறிபார்க்கமாட்டார், ஒரு முழம் தள்ளி, ஆளில்லாத மூலையைத்தான் பார்ப்பார். கேப்பாவது வைக்கக்கூடாதா என்று நான் அழுதிருக்கிறேன். குண்டில்லாத தோட்டாவும் கொல்லும் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. 1984-ல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர், படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத்தோட்டாத் துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாக அழுத்தினார். மருந்து எரிந்த காற்றின் வேகமே மண்டையோட்டை உடைத்து அவரைக் கொன்றது. 1993-ல் பிராண்டன் லீ இறந்ததற்குக் காரணம், முந்தைய காட்சியில் போலித்தோட்டாவிலிருந்து கழன்று குழலுக்குள்ளே தங்கிவிட்ட குண்டு. பின்னால் போட்ட வெற்றுத்தோட்டா அதைத் தள்ளிவிட்டது.

உங்கள் பிள்ளை ஆண்டுவிழாவில் ராஜா வேஷம் கட்டினால், வாடகைக்கு வந்த வாளை வாங்கி, பழைய துணியை விளிம்போடு ஒருதரம் இழுத்துப் பாருங்கள், பிடியையும் உலுக்கிப் பாருங்கள். சண்டையை யார் எண்ணிக் கொடுத்தார்கள் என்று டீச்சரிடம் கேளுங்கள். யாரும் எண்ணவில்லை என்றால், அந்தச் சண்டைக் காட்சி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.