அப்பாவுக்கு ஒரு மெசேஜ்

அம்மா போய் மூணு மாசம். அப்பா ராத்திரியில வெறும் பன்னும் பாலும்தான்னு பக்கத்து வீட்டு அத்தை சொன்னாங்க. நேற்று அவருக்கு அனுப்பினது இது:

"அப்பா, திங்கள், புதன், வெள்ளி மட்டும் பருப்பு வேக வைங்க. அரை டம்ளர் துவரம்பருப்பு, ஒன்றரை டம்ளர் தண்ணி, கொஞ்சம் மஞ்சள்தூள், நாலு விசில். பாதியில அன்னிக்கு சாம்பார். மீதியை ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வைங்க, மறுநாள் ரசம். ஞாயிறு தயிர் சாதம்.

சாதம் தினமும். அரை டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர் தண்ணி, மூணு விசில். விசில் வராம மூடி ஓரத்துல ஆவி கசிஞ்சா கேஸ்கட் சரியா உக்காரலைன்னு அர்த்தம். அடுப்பை அணைச்சு, பிரஷர் முழுசா இறங்கினப்புறம்தான் திறக்கணும்.

ராத்திரிக்குக் கடை மாவு. முதல் ரெண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, நல்லா புளிச்சா வெங்காயம் போட்டு ஊத்தப்பம்."

பத்து நிமிஷத்துல பதில்: "சாம்பாருக்கு உப்பு எவ்ளோம்மா?"

ஆபீஸ்ல பக்கம் பக்கமா டாகுமெண்ட் எழுதறவ, இதை விட்டுட்டேன். அம்மா கையாலதான் போடுவாங்க, நானும் அப்படித்தான். கிச்சனுக்குப் போய், கையில அள்ளின உப்பை ஸ்பூன்ல கொட்டி அளந்தேன்.

"முக்கால் டீஸ்பூன்ப்பா."